ஒரு கிட்னி சுருங்கி, மற்றது வீங்கியிருந்தால்

கேள்வி: "அம்மாவுக்கு 61 வயசு. போன கிழமை ஸ்கான் எடுத்தது. வலது கிட்னி 7.4 சென்ரிமீற்றர், சுருங்கிப்போச்சு எண்டு எழுதியிருக்கு. இடது 11.9, அதிலை நடுத்தர அளவு வீக்கமாம். கிறியற்றினின் 2.6. நோ ஒண்டும் இல்லை, சலமும் வழமையாப் போகுது. சுருங்கின கிட்னியைத் திருப்பிக் கொண்டுவர ஏலுமோ? கிளினிக் திகதி அடுத்த மாதம்தான்."

அடுத்த மாதம் வரைக்கும் பொறுக்க வேண்டாம். இந்த றிப்போட்டையும் இரத்தப் பரிசோதனைத் துண்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவை நாளைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் இப்படியான நோயாளிகளைப் பார்க்கிற வோட்டில்தான் நான் வைத்தியராக வேலை செய்கிறேன். வருகிற குடும்பங்கள் அநேகமாகச் சுருங்கின கிட்னியை நினைத்துத்தான் கலங்குகின்றன. ஆனால் இப்போது அவசரமாகப் பார்க்க வேண்டியது வீங்கின கிட்னியை.

ஏன் என்று சொல்கிறேன். வளர்ந்த ஒருவரின் கிட்னி ஏறக்குறைய 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். 7.4 என்றால் அது ஒரு நாளில் நடந்ததில்லை, பல வருடங்களாக மெல்ல மெல்லச் செயலிழந்து வந்திருக்கிறது. அவ்வளவு காலமும் இடது கிட்னிதான் தனியாக வேலை செய்திருக்கும். ஒரு கிட்னியைத் தானம் கொடுத்தவர்களுக்குக் கூட மற்றது நன்றாக இருந்தால், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிறியற்றினின் இரத்தத்தில் 2.6க்கு ஏறாது. ஆகவே இந்த 2.6 வலது கிட்னி சுருங்கினதால் மட்டும் வந்திருக்காது. அம்மா நம்பியிருக்கிற ஒரே கிட்னியும் இப்போது கஷ்டப்படுகிறது என்பதுதான் அதன் கருத்து.

வீக்கம் என்று றிப்போட்டில் எழுதுவது, சலம் கீழே இறங்க வழியில்லாமல் உள்ளே தேங்கி, கிட்னியின் வடிகால் பாதைகள் விரிந்துபோவதை. சில வேளை அது பொய்யாகவும் இருக்கலாம். ஸ்கானுக்கு முதல் தண்ணீர் குடித்து சலத்தை அடக்கச் சொல்வார்கள் அல்லவா, சலப்பை முட்டினால் சின்ன வீக்கம் தெரியும். சலம் போய்விட்டு வந்து திரும்பப் பார்த்தால் அது வற்றிவிடும். ஆனால் கிறியற்றினின் 2.6 ஆக இருக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து விட்டுவிடக்கூடாது.

நோ இல்லை என்பதை வைத்து ஆறுதல்படவும் வேண்டாம். கல்லடைப்பில் உயிர் போகிற நோ வருவது சலக்குழாய் திடீரென்று விரியும்போது. மெதுவாக அடைபட்டால் நோ இருக்காது. இருந்த நோ நின்றுபோனால் கல் விழுந்துவிட்டது என்றும் எடுக்க முடியாது. சலம் போகிறது என்பதும் அப்படித்தான். அரைகுறையாக அடைபட்ட கிட்னி சலத்தைச் செறிவாக்கும் சக்தியை இழந்துவிடுவதால், சிலருக்கு வழமையை விடக் கூடப் போகும்.

அடைத்தது எது என்பதை இந்த ஸ்கான் அநேகமாகச் சொல்லாது. கிட்னியும் சலப்பையும் அதில் தெரியும், இடையில் உள்ள சலக்குழாயைக் குடலில் உள்ள காற்று மறைத்துவிடும். அதனால் அடுத்து மருந்து ஏற்றாத சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். கிறியற்றினின் கூடினவர்களுக்கும் அதை எடுக்கலாம், ஏறக்குறைய எல்லாக் கற்களும் அதில் தெரியும். கல் பெரும்பாலும் குழாய் தொடங்குகிற இடத்தில், இடுப்பு இரத்தக்குழாயைக் கடக்கிற இடத்தில், அல்லது சலப்பைக்குள் நுழைகிற இடத்தில் இறுகும். கல் இல்லை என்றால் வெளியிலிருந்து எதுவோ அமத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவின் வயதில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் சத்தமில்லாமல் சலக்குழாயை அமத்துவதுண்டு. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், டொக்டரிடமும் சொல்லுங்கள். ஆண்களுக்கு இதே வீக்கம் இரண்டு பக்கமும் வந்தால், முதலில் புரொஸ்ரேட்டைச் சந்தேகிப்போம்.

கல்லோ வேறு எதுவோ, தேங்கின சலத்தை முதலில் இறக்க வேண்டும். சலப்பை வழியாகக் கமரா விட்டு சலக்குழாய்க்குள் ஸ்ரென்ட் என்கிற சின்னக் குழாயை வைப்பார்கள், இல்லாவிட்டால் முதுகுப் பக்கம் விறைக்க ஊசி போட்டு நேரே கிட்னிக்குள் மெல்லிய குழாய் வைத்துப் பையில் வடிய விடுவார்கள். கல்லை எடுப்பது பிறகு ஆறுதலாக. முழு அடைப்பு கிழமைக்கணக்கில் நீடித்தால் கிட்னியின் ஒரு பகுதி திரும்பி வராது, நான் அவசரப்படுத்துவது அதற்காகத்தான்.

எங்கள் வோட்டில் இதே மாதிரி ஓர் அம்மா இருந்தார். 9 மில்லிமீற்றர் கல், கிறியற்றினின் 3.1. முதுகில் குழாய் வைத்த அன்று இரவு பை நிறைய நிறைய, தாதி மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் மூன்று லீட்டருக்கு மேல். மகள் பயந்துபோனார். அடைப்பு திறந்ததும் தேங்கின நீரும் உப்பும் இப்படி வெளியேறுவது வழக்கம்தான், ஆனால் அளவு மீறினால் பொட்டாசியமும் சோடியமும் குழம்பும், ஆள் வறண்டும் போவார். அதனால்தான் அந்த நாட்களில் வீட்டுக்கு அனுப்பமாட்டோம். அவருக்குக் கிறியற்றினின் படிப்படியாக இறங்கி 1.5இல் நின்றது. உங்கள் அம்மாவுக்கும் சில கிழமைகளுக்குப் பிறகு எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் இடது கிட்னியின் உண்மையான பலம். இன்றைய 2.6ஐ வைத்து டயலிசிஸ் வரும் என்றோ வராது என்றோ யாரும் சொல்ல முடியாது.

காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் அந்த இரவே கொண்டுபோங்கள். அடைபட்ட கிட்னிக்குள் கிருமி பிடித்தால் மருந்து மட்டும் ஏற்றிக் காப்பாற்ற முடியாது, வடித்தே ஆகவேண்டும்.

அதுவரை வீட்டில் நோக்குளிசை, முக்கியமாக டைக்ளோபினாக், கொடுக்க வேண்டாம். சீனிக்கு மெற்போமின் போடுகிறார் என்றால், பிரஷருக்கு லொசாட்டான் போடுகிறார் என்றால், இரண்டையும் நாளைக்கு டொக்டருக்குக் காட்டிக் கேளுங்கள். அயலில் யாராவது நெருஞ்சில் அவித்துக் குடிக்கச் சொல்வார்கள், இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். இளநீரில் பொட்டாசியம் கூட. இந்த நிலையில் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். தண்ணீரை வலிந்து குடிக்க வைத்தாலும் இறுகின கல் இறங்காது.

இனி நீங்கள் கேட்ட வலது கிட்னி. சுருங்கி, தசையும் மெலிந்தது திரும்ப வளராது. பழைய கல்லடைப்பு, சின்ன வயதில் சலம் பின்னோக்கி ஏறினது, கிட்னிக்குப் போகிற இரத்தக்குழாய் ஒடுங்கினது, இவற்றில் ஒன்று காரணமாக இருந்திருக்கலாம். இப்போது அதைக் கிண்டிப் பார்ப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. இடது பக்கம் தேறின பிறகு, எந்தக் கிட்னி எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று ஒரு அணுக்கதிர் ஸ்கானில் பார்க்கலாம். அடிக்கடி கிருமி பிடித்தாலோ, பிரஷர் எதற்கும் அடங்காவிட்டாலோதான் வெட்டி எடுப்பதைப் பற்றி யோசிப்போம். மற்றபடி அது அங்கேயே இருக்கட்டும்.

ஸ்ரென்ட் வைத்தார்கள் என்றால் எப்போது எடுக்க அல்லது மாற்ற வேண்டும் என்ற திகதியைக் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள். சாதாரணமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வரும். ஸ்ரென்ட் உள்ளே இருக்கிற காலத்தில் அடிக்கடி சலம் வரும், இடுப்பு உளையும், கொஞ்சம் இரத்தமும் கலக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். மறந்து விட்டுவிட்டால்தான் அதன் மேலேயே கல் படிந்து, அதை எடுக்கிறதே பெரிய ஒப்பரேஷனாகிவிடும். அம்மாவிடம் இருப்பது வேலை செய்கிற ஒரு கிட்னி என்பதால், அந்தத் திகதியை உங்கள் போனிலும் போட்டு வையுங்கள்.