லாப்லாஸ் போடும்போது தொடக்க நிலையை எங்கே சேர்ப்பது?

கேள்வி: வேலூரில் இ.இ.இ. படிக்கிறேன். RLC சர்க்யூட்டில் தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யம் என்றால் லாப்லாஸ் போட்டுவிடுகிறேன் சார். இண்டக்டரில் கரண்ட், கெபாசிட்டரில் வோல்டேஜ் முன்பே இருந்தால் விடை தப்பாகிறது. ஆனால் கடைசி மதிப்பு மட்டும் சரியாக வருகிறது. ஏன்?

பதில்:

காட்பாடியில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். செமஸ்டர் நெருங்கினால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

R = 3 ஓம், L = 1 ஹென்றி, C = 0.5 ஃபாரட், மூன்றும் சீரீஸில். t = 0-ல் 10 வோல்ட் ஸ்டெப் கொடுக்கிறோம். அந்த நொடியில் இண்டக்டரில் 2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது, கெபாசிட்டரில் 4 வோல்ட் இருக்கிறது. கரண்ட் உள்ளே நுழைகிற பக்கம்தான் கெபாசிட்டரின் பிளஸ். (1 ஹென்றி, அரை ஃபாரட் எல்லாம் கணக்கு எளிதாக வர எடுத்ததுதான்.)

முதலில் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை மறந்துவிடுங்கள். அது தொடக்க நிலை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு எழுதியது. நம் 2 ஆம்பியருக்கும் 4 வோல்ட்டுக்கும் அதில் இடமே இல்லை. நேராக லூப் சமன்பாட்டுக்கு லாப்லாஸ் எடுங்கள்:

```
L(sI − i0) + R·I + I/(sC) + v0/s = 10/s
(sI − 2) + 3I + 2I/s + 4/s = 10/s
```

4-ஐ s-ஆல் வகுத்திருக்கிறோம், 2-ஐ வகுக்கவில்லை. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், அலகைப் பாருங்கள். ஒரு வோல்டேஜை லாப்லாஸ் எடுத்தால் அதன் அலகு வோல்ட்-செகண்ட். L·i0 என்பது ஹென்றி பெருக்கல் ஆம்பியர், அது ஏற்கெனவே வோல்ட்-செகண்ட்தான். v0 வெறும் வோல்ட். s-ஆல் வகுத்தால்தான் மற்ற உறுப்புகளோடு சேரும்.

இரண்டு பக்கமும் s-ஆல் பெருக்கி, தெரிந்ததை எல்லாம் வலப்பக்கம் தள்ளுங்கள்:

```
I·(s² + 3s + 2) = 2s + 6
I = (2s + 6) / ((s+1)(s+2)) = 4/(s+1) − 2/(s+2)
i(t)  = 4e^(−t) − 2e^(−2t)
vC(t) = 10 − 8e^(−t) + 2e^(−2t)
```

4 வோல்ட்டில் கிளம்பி 10-க்குப் போகிறது, சரி. vC எடுக்கும்போது I/(sC)-ஓடு 4/s-ஐயும் சேர்த்தேன் என்பதைக் கவனியுங்கள். அதை விட்டால் கெபாசிட்டர் பூஜ்யத்திலிருந்து கிளம்பும்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். sI − 2-க்குப் பதிலாக sI + 2 என்று குறி மாற்றி எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். தொகுதி 6 − 2s ஆகும், கரண்ட் 8e^(−t) − 10e^(−2t) என்று வரும். கெபாசிட்டரின் கடைசி வோல்டேஜைப் பாருங்கள், அப்போதும் 10 தான்! ரெசிஸ்டர் இருக்கிற இந்த சர்க்யூட்டில் தொடக்கத்தில் இருந்ததன் தடயம் காலப்போக்கில் அழிந்துவிடும். கடைசியில் நிற்பது சோர்ஸ் கொடுத்தது மட்டும். அதனால் கடைசி மதிப்பு சரியாக இருக்கிறது என்பது தொடக்க நிலையைச் சரியாகப் போட்டதற்கு அத்தாட்சி ஆகாது.

சரிபார்க்க வேண்டியது t = 0-ல். தப்பான விடையில் i(0) = 8 − 10 = −2. கணக்கில் கொடுத்தது +2. அங்கேயே மாட்டிக்கொண்டது. சரியான விடையில் 4 − 2 = 2.

அதோடு நிறுத்திவிடாமல் தொடக்கச் சரிவையும் பாருங்கள். t = 0-ல் சோர்ஸ் 10 வோல்ட், ரெசிஸ்டர் 3 × 2 = 6 எடுத்துக்கொள்கிறது, கெபாசிட்டர் 4. இண்டக்டருக்கு மிச்சம் பூஜ்யம். அப்படியென்றால் di/dt பூஜ்யமாக இருக்க வேண்டும். நம் விடையை வகையிட்டால் −4 + 4 = 0, பொருந்துகிறது.

இந்தச் சரிவுச் சோதனை எதற்கு என்றால், கெபாசிட்டரின் பிளஸ், மைனஸைத் தலைகீழாகப் போட்டால் i(0)-ஐ வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. 4/s-க்குப் பதில் −4/s வைத்துப் பாருங்கள்: தொகுதி 2s + 14, கரண்ட் 12e^(−t) − 10e^(−2t). i(0) அப்போதும் 2 தான், கெபாசிட்டரும் கடைசியில் 10-க்கே போகும். ஆனால் சரிவு −12 + 20 = 8 வரும். நம் கணக்கில் வர வேண்டியது பூஜ்யம். அப்படி வந்தால் படத்தில் பிளஸ் எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று திரும்பப் பாருங்கள்.