மாறாமல் நிற்கும் எழுத்து

அன்புள்ள ஐயா, தாத்தா டி. ஆர். என்று இனிஷியல் போட்டிருக்கிறார், அப்பா டி. எஸ். எனக்குப் பள்ளியிலேயே ஒற்றை எழுத்துதான். இரண்டு பேரும் இப்போது இல்லை. டி. என்பது எங்கள் பூர்வீக ஊரா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஊராக இருக்கவே வாய்ப்பு அதிகம். தாத்தா, அப்பா இருவரின் எழுத்துகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். எஸ். என்பது உங்கள் தாத்தாவின் பெயர், ஆர். அவருடைய அப்பாவின் பெயர், இவை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். மாறாமல் நிற்கும் முதல் எழுத்துதான் ஊர். வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனின் அப்பா எம். கே. சாம்பசிவன். எஸ். என்பது சாம்பசிவன், இருவருக்கும் பொதுவான எம். மங்கொம்பு. மகன் பிறந்தது கும்பகோணத்தில், ஆனால் மங்கொம்பு இருப்பது கேரளத்துக் குட்டநாட்டில்! பிறந்த ஊரை வைத்துத் தேடியிருந்தால் பூர்வீகம் கிடைத்திருக்காது.

உங்களுடைய டி. ஆங்கில எழுத்து என்பதை மறந்துவிடாதீர்கள். அதனால் தமிழில் 'டி'யில் தொடங்கும் ஊரைத் தேடிப் பயனில்லை, தாத்தா காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் தேட வேண்டும். தஞ்சாவூர் அன்று டாஞ்சூர், தூத்துக்குடி டூட்டிகொரின், திருச்சி ட்ரிச்சினாப்பள்ளி, திருவாரூர், திருநெல்வேலி என்று 'திரு' ஊர்கள் எல்லாமே டி-தான். அண்ணாவின் சி. என்.-இல் சி. என்பது காஞ்சிபுரம் என்றால் பலருக்குப் புரியாது, அன்றைய கான்ஜீவரம் சி-யில் தொடங்கியது, அவ்வளவுதான். தமிழ் எழுத்திலேயே போட்டவர்கள் விஷயம் சுலபம்: உ. வே. சா. என்றால் உத்தமதானபுரம், வேங்கடசுப்பையர், சாமிநாதையர்.

விதிவிலக்கும் உண்டு. அப்துல் கலாமின் ஏ. பி. ஜே. மூன்றுமே முன்னோர் பெயர்கள் (அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன்), ஊர் கிடையாது. எம். எஸ். சுப்புலட்சுமிக்கு மதுரை சரி, ஆனால் எஸ். அவருடைய அம்மா சண்முகவடிவு. தெலுங்கு பேசும் குடும்பம் என்றால் மாறாத எழுத்து வீட்டுப் பெயராகவும் இருக்கும். பாட்டியின் காகிதங்களைப் பார்க்கும்போது கவனம், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் எழுத்து வந்திருக்கும்.

சரி, டி. எந்த ஊர் என்று உறுதி செய்ய எழுத்து மட்டும் போதாது. வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் எடுங்கள், அதில் இனிஷியலோடு நிறுத்தாமல் 'இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்று விரித்து எழுதியிருப்பார்கள். ஆனால் அது பத்திரம் எழுதிய நாளில் குடியிருந்த ஊர், அதனால் கிடைப்பதிலேயே பழைய பத்திரத்தைப் பாருங்கள். அப்புறம் அத்தைமாரின் கல்யாணப் பத்திரிகை. பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் ஊரை முழுதாக அச்சடிக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. இரண்டிலும் ஆங்கிலத்தில் டி-யில் தொடங்கும் ஒரே ஊர் வந்தால் அதுதான் உங்கள் ஊர். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.