கூகுளில் இன்னும் தெரியும் பழைய எண்: கேள்வி பதில்

கே.ஆர்.புரம் வாசகி: டியூஷன் எடுத்த காலத்தில் ஒரு விளம்பரத் தளத்தில் என் கைபேசி எண்ணையும் தெருப் பெயரையும் கொடுத்திருந்தேன். தளத்துக்காரர் போன மாதம் இரண்டையும் எடுத்துவிட்டார். கூகுளில் இன்னும் வருகிறதே, அக்கா?

பக்கம் திருந்திவிட்டது, கூகுள் தன்னிடம் வைத்திருக்கும் பழைய வாசகம்தான் திருந்தவில்லை. இதற்கென்றே Refresh Outdated Content என்ற கருவி இருக்கிறது. தளம் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை.

```
https://search.google.com/search-console/remove-outdated-content
```

முதலில் தேடல் முடிவைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து Ctrl+F அழுத்தி, எண்ணும் தெருப் பெயரும் எங்குமே இல்லை என்று பாருங்கள். அடுத்து, முடிவின் மேல் வலது சொடுக்கிப் பக்கத்தின் முகவரியை நகலெடுங்கள். பலர் கூகுள் தேடல் பக்கத்தின் முகவரியையே ஒட்டிவிடுகிறார்கள்.

பக்கம் இன்னும் உயிரோடு இருப்பதால், பழைய பக்கத்தில் இருந்த, இப்போது இல்லாத ஒரு சொல்லைக் கருவி கேட்கும். ஒரே சொல் போதும். தெருப் பெயரைக் கொடுங்கள். "டியூஷன்" என்று கொடுத்தால் அது இன்றைய பக்கத்திலும் இருக்கும், மறுத்துவிடுவார்கள். ஒப்புக்கொண்டால் அந்த முடிவின் கீழே உள்ள விவரம் மறையும். இணைப்பு அப்படியே இருக்கும். www சேர்ந்த முகவரி, சேராத முகவரி என இரண்டும் முடிவில் வந்தால் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மடிவாளா வாசகர்: பக்கத்தையே நீக்கிவிட்டார்கள், திறந்தால் "காணவில்லை" என்று வருகிறது. ஆனாலும் மறுத்துவிட்டார்கள்.

திரையில் வரும் வாசகம் உங்களுக்கானது. சர்வர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கணினியின் கட்டளைச் சாளரத்தில், உங்கள் பக்கத்தின் முகவரியைப் போட்டு இதைக் கொடுங்கள்:

```
curl -I https://example.com/pazhaya-pakkam
```

முதல் வரியில், பக்கம் இல்லை என்பதைக் குறிக்கும் 404 அல்லது 410 வர வேண்டும். 200 என்று வந்தால், "காணவில்லை" என்று எழுதிய ஒரு பக்கம் நலமாக இருக்கிறது என்றுதான் பொருள். தளத்துக்காரர்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எச்.ஏ.எல். வாசகர்: நான் தேடியவற்றையெல்லாம் எப்படி அழிப்பது?

அது வேறு விஷயம். உங்கள் கூகுள் கணக்கில் My Activity பகுதியைப் பாருங்கள்.

சிவாஜிநகர் வாசகர்: தளத்துக்காரரிடம் ஏன் கெஞ்ச வேண்டும்? நம்மைப் பற்றிய பழைய விவரத்தை நீக்கச் சொல்ல மறக்கப்படும் உரிமை இருக்கிறது. 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சொன்னது உண்மை. ஆனால் எதைச் சொன்னது? ஒரு ஸ்பெயின்காரரின் பழைய கடனுக்காக அவர் வீடு ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998-ல் ஒரு நாளிதழில் வெளியானது. அவர் பெயரைத் தேடினால் வரும் அந்த முடிவைத்தான் கூகுள் எடுக்க வேண்டியிருந்தது. நாளிதழின் பக்கத்தை யாரும் தொடவில்லை. நீங்கள் பெரிதாக நினைக்கும் அந்தத் தீர்ப்பே மூலத்தை விட்டுவிட்டது.

சிவாஜிநகர் வாசகர்: நம் ஊரிலும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கில் விடுதலையான ஒருவரின் தீர்ப்பையே இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னதே!

அல்சூர் வாசகி: அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, சார். என் தம்பி ஒரு வழக்கில் விடுதலையானவன். வேலைக்குப் போகும் இடமெல்லாம் அவன் பெயரைத் தேடிப் பார்க்கிறார்கள். தீர்ப்பு நிற்கிறதா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் காத்திருக்கிறோம்.

அம்மா, உங்கள் தம்பிக்கு நான் சொன்ன கருவி உதவாது. அந்தப் பக்கம் மாறவும் இல்லை, மறையவும் இல்லை. வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். விடுதலையானவர் பெயரை நீதிமன்றப் பதிவில் மறைக்கலாமா என்பதில் நானும் சிவாஜிநகர் நண்பரும் ஒத்துப்போகவில்லை. தீர்ப்புகள் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பவள் நான். ஆனால் பெயர் தெரிந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: தளத்துக்காரர் பதிலே போடவில்லை. கூகுளிலிருந்து எடுத்தால் போதாதா?

இதே கேள்வியை இன்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள், ஆகவே மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: பக்கம் இருக்கும்வரை எண் இருக்கும். கைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றுக்கு கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது, அதை நிரப்புங்கள். முடிவை எடுத்தாலும், அந்த இணைப்பை வைத்திருப்பவர் நேராகப் போய்ப் படிப்பார்.

நான் முன்பு குடியிருந்த அடுக்ககச் சங்கம் வீட்டுக்காரர்கள் பட்டியலை பிடிஎஃப்பாகப் போட்டிருந்தது. கேட்டதும் என் எண்ணின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டினார்கள். பட்டையைச் சுட்டியால் தேர்ந்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினேன். பத்து இலக்கமும் வந்தன. எண்ணையே அழித்துப் புதிதாகக் கோப்பு ஏற்றிய பிறகுதான் கூகுளுக்கு விண்ணப்பித்தேன்.

கே.ஆர்.புரம் வாசகி: அக்கா, தெருப் பெயர் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார்கள். பிங்கில் இன்னும் வருகிறது.

பிங்குக்குக் கூகுளில் நடந்தது தெரியாது. அவர்களிடமும் இதுபோன்ற படிவம் உண்டு. எடுத்து வைத்த படத்தையும் பக்கத்தின் முகவரியையும் அருகில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் உங்கள் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் info@archive.org முகவரிக்குத் தனியாக எழுத வேண்டும்.