குழந்தையிடம் எப்படிச் சொல்வது? கோத்தகிரி செவிலியரின் பதில்கள்

குன்னூர், தாய்: கணவருக்குக் கணையப் புற்றுநோய். கோவையில் இனி மருந்து பயனில்லை என்றுவிட்டார்கள். ஆறு வயது மகளிடம் "அப்பா வேலைக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லியிருக்கிறோம். அடுத்த வாரம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம்.

அவர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அம்மா. மெலிந்து, கண் மஞ்சளித்த அப்பாவை அவள் வாசலில் திடீரென்று பார்க்கக் கூடாது.

முதலில் அவளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். பாதியை ஏற்கெனவே ஒட்டுக்கேட்டிருப்பாள். பிறகு நோயின் பெயரைச் சொல்லுங்கள். வெறும் "உடம்பு சரியில்லை" என்றால், நாளை தனக்குச் சளி பிடித்தாலும் பயப்படுவாள். "அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்து கொடுத்தும் குணமாகவில்லை. அப்பா இறந்துவிடுவார். எப்போது என்று எங்களுக்கும் தெரியாது." அத்துடன் நிறுத்துங்கள். அவள் விளையாட ஓடிவிடலாம். புரியவில்லை என்று எண்ண வேண்டாம். இரவில் திரும்பி வந்து கேட்பாள்.

அவள் கேட்காவிட்டாலும் மூன்றைச் சொல்லுங்கள்: அவள் கோபித்துக்கொண்டதால் இந்த நோய் வரவில்லை, கட்டிப்பிடித்தால் தொற்றாது, அவளை யார் பார்த்துக்கொள்வார்கள், பள்ளிக்கு யார் கூட்டிப்போவார்கள். அவர் போன பிறகு "தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தை தூங்கவே அஞ்சும்.

குன்னூர்: மூன்று வயதுக் குழந்தைக்கு?

அதே சொற்கள், இன்னும் குறைவாக. இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது அந்த வயதில் பிடிபடாது. "எப்போது வருவார்?" என்று தினமும் கேட்கும், தினமும் அதே பதில்.

ஊட்டி, தாத்தா: பிஞ்சு மனதை ஏன் நோகடிக்க வேண்டும்? என் தாய் இறந்ததை எனக்குச் சொல்லவில்லை. நன்றாகத்தானே வளர்ந்தேன்.

ஐயா, 2004இல் சுவீடனில் ஓர் ஆய்வு வெளியானது. புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரைக் கேட்டார்கள். சாவைப் பற்றிப் பிள்ளையிடம் பேசிய 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாதவர்களில் சுமார் நான்கில் ஒருவர் வருந்தினார்.

அதே தாத்தா: அது சுவீடன். இங்கே சித்தி, அத்தை எல்லோரும் இருக்கிறார்கள்.

அரவணைக்க ஆள் இருப்பது பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனால் எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் அழுகை கேட்கும். எல்லோருக்கும் தெரிந்ததைத் தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்று குழந்தை கண்டுகொள்ளும். உங்கள் தாய் எங்கே என்று நீங்கள் யாரிடமும் கேட்டதே இல்லையா?

தாத்தா: கேட்டேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேனா, தெரியவில்லை.

அதை என்னாலும் சொல்ல முடியாது. அந்த ஆய்வும் நோயுற்ற பிள்ளையைப் பற்றியது. தாயை இழந்த பிள்ளையைப் பற்றியதல்ல.

கூடலூர்: அப்பாவுக்கு 78 வயது. அவருடைய நோயை அவரிடம் மறைக்கிறோம். சரியா?

அவர் குழந்தை இல்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று மருத்துவர் முன்னிலையில் அவரிடமே கேளுங்கள்.

கோத்தகிரி: எந்த வயதிலிருந்து சொல்லலாம்? "சாமியிடம் போய்விட்டார்" என்றால் போதாதா?

வயதைப் பற்றி மேலே படியுங்கள். சாமியைப் பற்றி உங்கள் நம்பிக்கைப்படி சொல்லுங்கள். ஆனால் முதலில் "இறந்துவிட்டார், உடம்பு இனி வேலை செய்யாது" என்று சொல்லிவிட்டு. இல்லையென்றால் சாமி ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று கேட்கும். "தூங்குகிறார்" வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன்.