வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது போட்டோவோடு லிஸ்ட் எதற்கு?

கேள்வி: கோயம்புத்தூரில் வாடகைக்கு வீடு முடிவாகிவிட்டது. அக்ரிமெண்டில் ஃபேன், லைட் கணக்கெல்லாம் இருக்கிறது. அதற்கு மேல் தேதி போட்டு, போட்டோவோடு தனியாக லிஸ்ட் வேண்டுமா? வீட்டுக்காரர் தப்பாக நினைக்க மாட்டாரா?

கட்டாயம் வேண்டும். கணபதியில் எங்கள் மாடி வீட்டை வாடகைக்கு விடுகிற வேலையும் என்னுடையதுதான், திருப்பூரில் வாடகை வீட்டில் இருப்பவளும் நான்தான், அதனால் இரண்டு பக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

"ஃபேன் 4, டியூப்லைட் 5, கீசர் 1" என்பது வெறும் எண்ணிக்கை. காலி செய்யும் நாளில் ஃபேன் நான்கா மூன்றா என்று யாரும் சண்டை போடுவதில்லை. சமையல் மேடையில் விரிசல் எப்போது விழுந்தது, சுவரில் ஓதம் முன்னாடியே இருந்ததா, இதில்தான் வாக்குவாதம் வரும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும், வாடகை தொடங்கியபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே பராமரிக்க வேண்டும், சாதாரணத் தேய்மானம் தவிர, என்றுதான் சொல்கிறது. தொடங்கியபோது எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரமே இல்லையென்றால் அந்த வரியை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

எங்கள் மாடியில் மூன்று வருடம் இருந்த குடும்பம் போன வருடம் காலி செய்தது. வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000. அப்பா வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கிரானைட்டில் சிங்க் ஓரமாக விரிசல், படுக்கையறையில் ஓதம், வாஷ்பேசின் விளிம்பு உடைஞ்சிருக்கு, குழாயெல்லாம் உப்புக்கறை, பெயிண்டும் அடிக்கணும், "14,000 புடிச்சுக்கலாம் அம்மிணி" என்றார். நான் பழைய லிஸ்டை எடுத்தேன். விரிசல் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்த போட்டோ இருந்தது, நீளம் அப்படியே இருந்தது, அதனால் அது கழிந்தது. ஓதம் அன்றைக்கே கூரை மூலையில் சிறு திட்டாகத் தெரிந்தது. மொட்டை மாடியிலிருந்து இறங்குகிற தண்ணீர், அது கட்டடத்தின் பழுது, சரி செய்ய வேண்டியது நாங்கள்தான். போர் தண்ணீரில் மூன்று வருடம் ஓடிய குழாயில் உப்பு படிவது தேய்மானம். பெயிண்ட் குடியிருப்பவர் செலவு என்று அக்ரிமெண்டில் எழுதியிருந்தால் கேட்கலாம், எழுதவில்லை, அப்போது சட்டப்படி அதுவும் வீட்டுக்காரர் கணக்கு.

வாஷ்பேசின் மட்டும் போட்டோவில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதைக் காட்டியதும் அந்த அண்ணன், "ஆமாங்க, பையன் சொம்பைப் போட்டுட்டானுங்க" என்று உடனே ஒத்துக்கொண்டார். புதுசு மாற்ற 2,400 பிடித்துக்கொண்டு மீதி 33,600 அந்த வாரமே கொடுத்தோம். அவருக்கு 11,600 மிச்சம், எங்களுக்கு நியாயமாக வர வேண்டியது பேச்சில்லாமல் வந்தது.

எப்படி எடுப்பது என்றால், சாவி வாங்கியதும், பால் காய்ச்சுவதற்கு முன்னாடி, வீடு காலியாக இருக்கும் பகல் நேரத்தில் எடுங்கள். ஒவ்வொரு அறைக்கும் வாசலில் நின்று முழுதாக ஒன்று, பிறகு பழுது தெரிகிற இடத்தில் கிட்டத்தில் ஒன்று. பழுது இல்லாத பேசின், கண்ணாடி, டைல்ஸ், கதவையும் எடுக்க வேண்டும், ஏனென்றால் வீட்டுக்காரருக்கு உதவுவது அந்தப் போட்டோதான். கரண்ட் மீட்டர் ரீடிங்கையும் மறக்காதீர்கள். கீசர் சூடாகிறதா, சிங்குக்கு அடியில் ஒழுகுகிறதா என்பதெல்லாம் போட்டோவில் தெரியாது, அவற்றை ஓடவிட்டுச் சின்ன வீடியோ எடுத்து லிஸ்டில் ஒரு வரி எழுதுங்கள்.

போட்டோவின் மேல் ஆப் போடுகிற தேதியை மட்டும் நம்பாதீர்கள், போன் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால் இரண்டு போனிலும் அதே தேதி நிற்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும், அதனால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் மெயிலில். லிஸ்டை இரண்டு பிரதி எடுத்து, தேதி போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, அக்ரிமெண்டோடு சேர்த்து வையுங்கள்.

தப்பாக நினைப்பாரா என்று கேட்டீர்கள். "உங்க வீட்டுப் பொருளுக்கும் கணக்கு இருக்கட்டுமுங்க" என்று அவரையும் கூட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள், நான் திருப்பூரில் அப்படித்தான் செய்தேன், அந்தம்மாவே அலமாரிக் கதவு ஒட்டாததைக் காட்டி எழுதச் சொன்னார். இடையில் ஏதாவது பழுதானால் அன்றே போட்டோவோடு சொல்லிவிடுங்கள். காலி செய்யும்போது சாமான் ஏற்றிய பிறகு, சாவி கொடுப்பதற்கு முன்னால், அதே லிஸ்டை வைத்து இருவரும் இன்னொரு சுற்று வர வேண்டும். பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித்தர வீட்டுக்காரருக்குச் சட்டம் தருவது ஒரு மாதம்.