இரண்டாவது பாலிசி எடுத்தால் முதிர்வுத் தொகைக்கு வரி வருமா?

கேள்வி: 2023 ஜூன்ல எடுத்த எண்டோமென்ட் பாலிசிக்கு வருஷம் 3.5 லட்சம் கட்டுறேன். ஏஜென்ட் இப்போ வருஷம் 2 லட்சத்துல இன்னொண்ணு எடுக்கச் சொல்றார். ரெண்டுமே யூலிப் இல்ல. எவ்வளவு கட்டினாலும் முதிர்வுத் தொகைக்கு வரியே கிடையாதுன்னு சொல்றார். நிஜமா?

பதில்:

முதல் பாலிசி மட்டும் இருந்தால் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. இரண்டாவதையும் எடுத்துவிட்டால் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரிவிலக்கு கிடைக்கும்.

ஏஜென்ட் மனதில் இருப்பது 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(10டி) பிரிவு. (2026 ஏப்ரலில் இருந்து புதிய சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இன்னும் எல்லாரும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்கிறேன்.) இந்தப் பிரிவு வரிவிலக்கு தருவது உண்மை. ஆனால் பிரீமியம் அதிகமானால் இரண்டு இடங்களில் அது கைவிட்டுப் போகும்.

முதல் இடம், காப்புத் தொகையோடு ஒப்பிடும்போது பிரீமியம் அதிகமாக இருப்பது. 2012 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்த பாலிசி என்றால், எந்த ஒரு வருடத்தின் பிரீமியமும் காப்புத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 3.5 லட்சம் கட்டுகிற உங்களுக்குக் குறைந்தது 35 லட்சத்துக்குக் காப்பு இருக்க வேண்டும். 2003 முதல் 2012 மார்ச் வரை எடுத்தவற்றுக்கு இது 20 சதவீதம்.

என் பெரியப்பா மாட்டிக்கொண்டது இதில்தான். 2014-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, ஒரே தவணையில் 5 லட்சம் கட்டி ஒரு பாலிசி எடுத்தார். காப்புத் தொகை 6.25 லட்சம், கட்டியதைப்போல ஒன்றே கால் மடங்கு. ஒற்றைத் தவணை பாலிசிகளில் இது சாதாரணம். ஆனால் 10 சதவீதக் கணக்கில் பாருங்கள்: 6.25 லட்சத்துக்கு 62,500 வரைதான் பிரீமியம் இருக்கலாம், இவர் கட்டியதோ 5 லட்சம். 2024 டிசம்பரில் 9.4 லட்சம் வர வேண்டியது, 8,800 ரூபாய் குறைவாக வந்தது. கட்டியது போக மிச்சமிருந்த 4.4 லட்சத்தின் மேல் 2 சதவீத டிடிஎஸ். "போனா போகுது, எட்டாயிரம்தானே" என்றார். அது முன்பிடித்தம்தான். அந்த 4.4 லட்சம் முழுவதையும் ரிட்டர்னில் 'பிற வருமானம்' என்று காட்டி, பென்ஷனோடு சேர்த்து அவருடைய ஸ்லாப்படி வரி கட்ட வேண்டும் என்று புரியவைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று.

மாதாமாதமோ வருடாவருடமோ கட்டுகிற பாலிசிகளிலும் இந்தக் குழி உண்டு. பிரீமியத்தைப்போல 7 மடங்கு மட்டும் காப்பு தருகிற திட்டங்களும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் பிரீமியம் காப்பில் 14 சதவீதத்தைத் தாண்டிவிடும், விலக்கு கிடைக்காது. பாலிசிப் பத்திரத்தில் இறப்பு நேர்ந்தால் தரும் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். போனஸைச் சேர்க்காதீர்கள். முதிர்வின்போது தருவதாகப் போட்டிருக்கும் தொகை வேறு, அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

இரண்டாவது இடம்தான் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது. 2023 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வழங்கப்பட்ட பாலிசிகளுக்கு (யூலிப் தவிர) இன்னொரு வரம்பு உண்டு. உங்கள் பெயரில் உள்ள அத்தகைய பாலிசிகள் அனைத்தின் பிரீமியமும் சேர்ந்து, எந்த ஒரு வருடத்திலும் 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. வெவ்வேறு கம்பெனியில் எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். அந்தத் தேதிக்கு முன்பு எடுத்தவை இதில் சேராது. இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசியும் சேராது. பிரீமியத்தோடு ஜிஎஸ்டி கட்டியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டாம்.

உங்களுக்கு 3.5 லட்சமும் 2 லட்சமும் சேர்ந்து 5.5 லட்சம் ஆகிறது. உடனே இரண்டுக்குமே விலக்கு போய்விடாது. 5 லட்சத்துக்குள் அடங்கும் பாலிசிக்கு விலக்கு கேட்கலாம், எதற்கு என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். உங்கள் விஷயத்தில் ஏதாவது ஒன்றுதான் அடங்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். இரண்டுமே 10 வருடம் கட்டி 15-வது வருட முடிவில் முதிர்வது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 35 லட்சம் கட்டி 60 லட்சம் வருகிறது, லாபம் 25 லட்சம். இரண்டாவதில் 20 லட்சம் கட்டி 34 லட்சம் வருகிறது, லாபம் 14 லட்சம். பெரிய லாபத்துக்கு விலக்கு கேட்பதுதான் புத்திசாலித்தனம். அப்படியானால் பின்னால் முதிரும் இரண்டாவது பாலிசியின் 14 லட்சம் அந்த வருட வருமானத்தில் சேரும். இப்போதைய 30 சதவீத ஸ்லாப், 4 சதவீத செஸ் என்று போட்டால் 4,36,800 ரூபாய். ஒரு சின்ன எச்சரிக்கை: முதலில் முதிர்வதற்கு ஒருமுறை விலக்கு கேட்டுவிட்டால், அதன் பிரீமியமும் அடுத்ததன் பிரீமியமும் சேர்த்தே அடுத்ததை முடிவு செய்வார்கள். அதனால் எது வேண்டும் என்பதை முதல் பணம் கைக்கு வரும் வருடத்திலேயே யோசித்தாக வேண்டும்.

காப்பீடு எடுத்தவர் இறந்து குடும்பத்துக்கு வரும் தொகைக்கு இந்த இரண்டு வரம்புமே கிடையாது. பிரீமியம் எவ்வளவாக இருந்தாலும் அது வரியில்லாப் பணம்தான். (யூலிப்புக்கு வரம்பு வேறு: 2021 பிப்ரவரி 1-லிருந்து எடுத்தவற்றுக்கு வருடம் 2.5 லட்சம். தாண்டினால் அது மூலதன ஆதாயக் கணக்கில் வரும். உங்களிடம் இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.)

நானாக இருந்தால் ஏஜென்ட்டிடம் இரண்டாவதை 1.5 லட்சத்தோடு நிறுத்தச் சொல்வேன். மொத்தம் சரியாக 5 லட்சம் வரும், தாண்டினால்தான் பிரச்சினை. அதற்கும் குறைந்தது 15 லட்சம் காப்பு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இல்லை, 2 லட்சம்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வரி வரும் பாலிசியில் லாபம் கணக்கிடும்போது, 80சி-யில் ஏற்கெனவே கழித்துக்கொண்ட பிரீமியத்தை மறுபடி கழிக்க விடமாட்டார்கள். இரண்டாவது பாலிசியின் ரசீதை வைத்து வருடம் 1.5 லட்சம் வீதம் 10 வருடம் கழித்திருந்தால், 20 லட்சத்தில் 5 லட்சம்தான் செலவாக மிஞ்சும். லாபம் 14 லட்சத்துக்குப் பதில் 29 லட்சம் ஆகிவிடும். 80சி-க்கு முதல் பாலிசியின் ரசீதையே காட்டுங்கள், அதற்கு எப்படியும் விலக்கு கேட்கப்போகிறீர்கள். புதிய வரி முறை என்றால் 80சி-யே இல்லை, கட்டிய பிரீமியம் முழுவதும் கழியும். எந்த முறையானாலும் ரசீதுகளை 15 வருடமும் பத்திரமாக வையுங்கள், 80சி-யில் எதைக் கழித்தோம் என்பது பத்து வருடம் போனால் நமக்கே நினைவிருக்காது.