பெல்ட் வண்டி வாங்கி வாடகைக்கு விடலாமா?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர். பெல்ட் வைத்த நெல் அறுவடை இயந்திரம் 28 லட்சம் சொல்கிறார்கள். மணிக்கு 2,500 ரூபாய் வாடகை, வருஷம் 600 மணி ஓடும், 5 வருஷம் கழித்து 12 லட்சத்துக்கு விற்கலாம் என்கிறார் டீலர். மொத்தம் 75 லட்சம் வருமே, வாங்கலாமா? பிறகு விலை போகாதோ என்றுதான் பயம்.

பதில்: அந்த 75 லட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். மணிக்கு டீசலுக்கு மட்டும் 850 ரூபாய் போகும். டிரைவர், உதவியாள், புரோக்கர் கமிஷன், லாரி வாடகை, ரிப்பேர், பெல்ட் தேய்மானம் என்று இன்னொரு 550. ஆக, கையில் நிற்பது 1,100தான். 600 மணிக்கு 6.6 லட்சம்.

அதுவும் இன்றே வரும் பணமில்லை. வருஷ வட்டி 12 சதவீதம் வைத்துப் பார்த்தால், 5 வருஷம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்று 57 ரூபாய்தான் மதிப்பு. இந்தக் கணக்கில், செலவு போக 5 வருஷ வாடகைக்கு இன்றைய மதிப்பு 23.8 லட்சம், விற்பனைப் பணத்துக்கு 6.8 லட்சம். 28 லட்சம் போக மிச்சம் 2.6 லட்சம். கடன் வட்டியைச் செலவில் சேர்க்காதீர்கள். 12 சதவீதத்திலேயே அது அடங்கிவிட்டது.

சரி, விற்கும் விலை 12க்குப் பதில் 8 லட்சம்தான் என்றால்? இன்றைய மதிப்பில் குறைவது 2.3 லட்சம், 600 மணி ஓடினால் அப்போதும் நஷ்டமில்லை. ஓட்டம் 400 மணியானால் 12 லட்சத்துக்கு விற்றாலும் 5.3 லட்சம் நஷ்டம். நீங்கள் பயப்பட வேண்டியது மணிக்கணக்கைப் பற்றி.

உங்கள் பக்கம் குறுவைக்கு ஒரு 25 நாள், சம்பா-தாளடிக்கு ஒரு 25 நாள் வேலை கிடைக்கும் என்று வைப்போம். காலைப் பனி காயாமல் வயலில் இறங்க முடியாது, மழை வந்தால் அன்றைக்கு வண்டி நின்றுவிடும். நாளுக்கு 8 மணி என்றாலும் 400தான் வருகிறது. மீதி 200 மணிக்கு வண்டியை லாரியில் ஏற்றி வெளி மாவட்டம் போயாக வேண்டும். டீலர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு வண்டி விற்றால் போதும். திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், விலையோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

என் கட்சி ஒன்றுதான்: வண்டிக்கு ஒரு நோட்டு. தினமும் மணிமீட்டர் ஆரம்பம், முடிவு, டீசல், வசூல், பாக்கி எல்லாம் எழுத வேண்டும். டிரைவர் வாயால் சொல்லும் மணியை நம்பி வசூலித்தவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள். விற்கும்போதும் வாங்க வருபவர் பெயிண்டைப் பார்ப்பதில்லை. மீட்டரைப் பார்ப்பார், பிறகு குனிந்து பெல்ட்டின் உள்பக்கம் கைவிட்டு வெடிப்பில் கம்பி தெரிகிறதா என்று தடவுவார். தெரிந்தால் லட்சத்துக்கு மேல் குறைப்பார்.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் இதே வண்டி வைத்திருப்பவரிடம் போய் மீட்டரைப் பாருங்கள். எத்தனை வருஷ வண்டியோ அதால் வகுங்கள். 12 லட்சத்துக்கு விற்றாலும், வருஷம் 535 மணி ஓடினால்தான் நஷ்டமில்லை. அதற்குக் கீழே வந்தால் இந்த விலைக்கு வாங்க வேண்டாம்.